வகை நெடுவரிசையில் காலியான செல்களை மேலே உள்ள பெயரால் நிரப்ப எந்த ஃபார்முலா?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து மாத விற்பனையை எடுத்தால், வகையின் பெயர் முதல் பொருளுக்கு நேராக மட்டும் வருகிறது. அதற்குக் கீழே உள்ள பொருட்களுக்கு வகை காலியாக இருக்கிறது. வகைவாரியாகக் கூட்டினால் தொகை தப்பாக வருகிறது. மேலே கடைசியாக உள்ள பெயரையே காலி செல்களிலும் ஃபார்முலா மூலம் நிரப்ப முடியுமா? கடையில் எக்செல் 2016, வீட்டில் கூகுள் ஷீட்ஸ்.

பதில்:

முடியும். எளிய விடை ஒரே வரிதான். வகை A நெடுவரிசையில் இருக்கிறது, D நெடுவரிசை காலியாக இருக்கிறது என்றால், D2 செல்லில் இதை எழுதி கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(A2="",D1,A2)
```

அவசரத்துக்கு இது போதும். ஆனால் மாதா மாதம் செய்யும் வேலை என்கிறீர்கள். அந்தத் தாளில் வரிசைகளைச் சேர்ப்பீர்கள், நீக்குவீர்கள், வரிசைப்படுத்துவீர்கள். அப்போது இந்த ஒரு வரி எங்கே உடைகிறது, எங்கே உடையாமலே தப்பான விடை தருகிறது என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கூட்டுத்தொகையை நம்ப முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வரிசை தலைப்பு, விவரங்கள் 2 முதல் 13 வரை.

| வரிசை | A: வகை | B: பொருள் | C: தொகை |
|---|---|---|---|
| 2 | பருப்பு | துவரம் பருப்பு | 4200 |
| 3 | | உளுந்து | 3100 |
| 4 | | பாசிப்பருப்பு | 1700 |
| 5 | எண்ணெய் | நல்லெண்ணெய் | 5600 |
| 6 | | கடலை எண்ணெய் | 4800 |
| 7 | | தேங்காய் எண்ணெய் | 2600 |
| 8 | மசாலா | மிளகாய்த்தூள் | 1900 |
| 9 | | மல்லித்தூள் | 1400 |
| 10 | | மஞ்சள்தூள் | 600 |
| 11 | | சீரகம் | 1100 |
| 12 | சோப்பு | துணி சோப்பு | 2300 |
| 13 | | குளியல் சோப்பு | 2700 |

இதில் A நெடுவரிசையை வைத்து பருப்புக்கு SUMIFS போட்டால் 4200 என்று வரும். உண்மையான தொகை 9000. உளுந்தும் பாசிப்பருப்பும் கண்ணுக்குப் பருப்பு வகையில் இருப்பதாகத் தெரிந்தாலும், எக்செல்லுக்கு A3, A4 இரண்டும் வெறும் காலி செல்கள். உங்கள் தொகை தப்பாக வருவதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்த ஒரு வரி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். D1 செல்லில் "முழு வகை" என்று தலைப்பு கொடுங்கள். D2 செல் A2-வைப் பார்க்கிறது; அங்கே பெயர் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறது. D3 செல் A3-வைப் பார்க்கிறது, காலி. உடனே தனக்கு மேலே உள்ள D2-வின் விடையை வாங்கிக்கொள்கிறது. D4 அதேபோல D3-இடம் வாங்குகிறது. D5-க்கு வரும்போது A5-இல் எண்ணெய் இருப்பதால் சங்கிலி அங்கே புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு செல்லும் A நெடுவரிசையில் தனக்கு நேரே உள்ளதை மட்டும்தான் பார்க்கிறது. மற்றதெல்லாம் மேல் செல் சொல்லக் கேட்டது.

இரண்டு சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, காலியா என்று சோதிக்க ISBLANK வேண்டாம், `A2=""` என்றே எழுதுங்கள். வேறொரு ஃபார்முலா வெற்று எழுத்தை விடையாகத் தந்திருக்கும் செல்லை ISBLANK காலி என்று ஒத்துக்கொள்ளாது. `=""` சோதனை இரண்டையும் காலியாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு, A2-வே காலியாக இருந்தால் D2-இல் "முழு வகை" என்ற தலைப்பு வந்து உட்கார்ந்துவிடும், கீழேயும் இறங்கும். தலைப்பின் பெயரில் ஒரு வகை முளைத்திருந்தால் பட்டியலின் முதல் வரிசையைப் போய்ப் பாருங்கள்.

இழுப்பதற்கு, D2-வின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை இருமுறை சொடுக்கினால் போதும். பக்கத்தில் உள்ள C நெடுவரிசை இடைவெளி இல்லாமல் இருப்பதால் கடைசி வரிசை வரை தானாகவே இறங்கிவிடும். பிறகு கூட்டுவதற்கு A-வை விட்டுவிட்டு D-யைப் பயன்படுத்துங்கள்:

```
=SUMIFS(C$2:C$13,D$2:D$13,"பருப்பு")
```

இப்போது பருப்பு 9000, எண்ணெய் 13000, மசாலா 5000, சோப்பு 5000. நான்கையும் கூட்டினால் 32000. `=SUM(C2:C13)` என்று போட்டாலும் 32000 வர வேண்டும். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள். ஆனால் இவை ஒத்துப்போவதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. எந்த வகையிலும் சேராமல் விட்டுப்போன தொகையைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். பருப்பில் சேர வேண்டியது எண்ணெயில் சேர்ந்திருந்தால் மொத்தம் மாறாது, சோதனையும் ஒன்றும் சொல்லாது.

அப்படி வகை மாறிப்போவது எப்படி நடக்கும்? சங்கிலி ஃபார்முலாவில் மிக எளிதாக நடக்கும். மல்லித்தூளுக்கும் மஞ்சள்தூளுக்கும் நடுவே ஒரு வரிசையைச் செருகுகிறீர்கள் என்று வையுங்கள். புது வரிசை எண் 10. மஞ்சள்தூள் 11-க்கு இறங்கிவிடுகிறது. ஆனால் மஞ்சள்தூளின் ஃபார்முலா முன்பு D9-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போதும் D9-ஐத்தான் பார்க்கும். நடுவில் வந்த D10 அதற்குத் தெரியாது. புது வரிசையில் A10-இல் "உப்பு" என்று புது வகையைத் தொடங்கியிருந்தாலும், அடுத்த வரிசைகள் மசாலா என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இப்படிச் சத்தமில்லாமல் தப்பாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

வரிசையை நீக்கினால் சத்தம் வரும். கடலை எண்ணெய் உள்ள 6-ஆவது வரிசையை நீக்கினால், தேங்காய் எண்ணெய்க்கு நேரே `#REF!` வரும். அது பார்த்துக்கொண்டிருந்த D6 இப்போது இல்லை. அடுத்து மசாலா தொடங்கும் இடத்தில் பிழை நின்றுவிடும், ஏனென்றால் அங்கே மேல் செல்லைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. சரிசெய்வது சுலபம்: D2-வை மறுபடியும் கடைசி வரை இழுத்துவிட்டால் போதும். செருகிய வரிசைக்கும் அதே மருந்துதான். அதனால் சங்கிலி ஃபார்முலாவைப் பயன்படுத்துகிறவர்கள் தாளில் எதையாவது செருகினாலோ நீக்கினாலோ ஒருமுறை மேலிருந்து இழுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கத்தை நம்ப வேண்டாம் என்றால், மேல் செல்லின் விடையைக் கேட்காமல் A நெடுவரிசையை நேராகவே பார்க்கும் ஃபார்முலா வேண்டும். எக்செல் 2016-இல் அதற்கு இதுதான்:

```
=LOOKUP(2,1/(A$2:A2<>""),A$2:A2)
```

இதையும் D2-இல் எழுதி இழுக்க வேண்டும். முதல் A$2 அசையாது. இரண்டாவது A2 மட்டும் கீழே இறங்க இறங்க A3, A4 என்று மாறும். அதனால் ஒவ்வொரு வரிசையும் பட்டியலின் தொடக்கத்திலிருந்து தன் வரிசை வரை முழுவதையும் பார்க்கிறது.

நடுவில் உள்ள `1/(...)` கொஞ்சம் மிரட்டும். D7-ஐ எடுத்துப் பிரித்துப் பாருங்கள். A2 முதல் A7 வரை காலி இல்லாதவை எவை என்ற கேள்விக்கு விடை: ஆம், இல்லை, இல்லை, ஆம், இல்லை, இல்லை. ஒன்றை இவற்றால் வகுக்கும்போது, ஆம் என்பது 1 ஆகும். இல்லை என்பது பூச்சியம், அதனால் வகுத்தல் பிழை ஆகும். கையில் இருப்பது 1, பிழை, பிழை, 1, பிழை, பிழை. LOOKUP இதில் 2 என்ற எண்ணைத் தேடுகிறது. LOOKUP-க்கு இரண்டு குணங்கள் உண்டு: பிழைகளைக் கண்டுகொள்ளாது, தேடும் எண் கிடைக்காவிட்டால் அதைவிடச் சிறிய எண்களில் கடைசியாக உள்ளதில் போய் நிற்கும். 2 எங்கேயும் இல்லை, எல்லாம் 1. எனவே கடைசி 1-இல், அதாவது A5-க்கு நேரே நின்று "எண்ணெய்" என்று எடுத்துத் தருகிறது. 2-க்குப் பதில் 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணைக் கொடுத்தாலும் இதே விடைதான். இதற்கு Ctrl+Shift+Enter தேவையில்லை, வெறும் Enter போதும். கூகுள் ஷீட்ஸில் மட்டும் முழு ஃபார்முலாவையும் ARRAYFORMULA( ) உள்ளே போட வேண்டும்.

இணையத்தில் இதற்கு ஒரு குறுக்குவழியும் சொல்வார்கள்: `=LOOKUP("zzzz",A$2:A2)`. எந்த ஆங்கிலச் சொல்லும் zzzz-க்கு முன்னால்தான் வரும் என்ற நம்பிக்கையில் எழுதியது. நம் வகைப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் வரிசையில் z-க்குப் பின்னால் வருபவை. அதனால் அது நமக்கு உதவாது, விட்டுவிடுங்கள்.

LOOKUP முறையில் நடுவே வரிசை செருகினால், கீழே உள்ள ஃபார்முலாக்கள் புது வரிசையையும் சேர்த்துக்கொண்டு விரியும். "உப்பு" என்று எழுதினால் அடுத்த வரிசைகளும் உடனே உப்பு ஆகிவிடும். புது வரிசையின் D செல்லில் மட்டும் ஃபார்முலாவை நகலெடுத்து ஒட்டினால் போதும். நடுவில் உள்ள வரிசையை நீக்கினாலும் `#REF!` வராது.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வகைப் பெயரைத் தாங்கிய வரிசையையே நீக்கிவிட்டால் என்ன ஆகும்? நல்லெண்ணெய் உள்ள 5-ஆவது வரிசையை நீக்குகிறீர்கள். அதோடு "எண்ணெய்" என்ற பெயரும் போய்விட்டது. கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மேலே தேடும்போது கிடைப்பது "பருப்பு". சத்தமில்லாமல் பருப்பு 16400 ஆகிவிடும். சங்கிலி ஃபார்முலாவாக இருந்தால் இங்கே `#REF!` என்று கத்தியிருக்கும்! அதனால் எந்தப் பொருளையாவது நீக்க வேண்டும் என்றால், முதலில் D நெடுவரிசையை மதிப்பாக மாற்றிவிட்டு நீக்குவதே நல்லது. அதற்கு D2:D13-ஐத் தேர்ந்தெடுத்து Ctrl+C, பிறகு அதே இடத்தில் Ctrl+Alt+V, பெட்டியில் Values. ஷீட்ஸில் Ctrl+C, Ctrl+Shift+V.

இன்னொரு விலையும் இருக்கிறது. சங்கிலி ஃபார்முலா ஒரு வரிசைக்கு ஒரு செல்லைத்தான் சோதிக்கிறது. LOOKUP 10,000-ஆவது வரிசையில் 10,000 செல்களைச் சோதிக்கும். அப்படி 10,000 வரிசைக்கும் கூட்டினால் ஏறக்குறைய 5 கோடி சோதனைகள். ஒரு கடையின் சில நூறு பொருட்களுக்கு இது தெரியவே தெரியாது. வருடம் முழுவதையும் ஒரே தாளில் அடுக்கினால் கோப்பு மூச்சு வாங்கும். அவ்வளவு பெரிய தாளுக்குச் சங்கிலியே மேல், நிரப்பி முடித்ததும் மதிப்பாக ஒட்டிவிடலாம்.

வீட்டில் ஷீட்ஸ் இருக்கிறது என்றீர்கள். அங்கே இழுக்கவே வேண்டாம். D2-இல் ஒரே ஒரு முறை:

```
=SCAN("",A2:A13,LAMBDA(a,v,IF(v="",a,v)))
```

SCAN மேலிருந்து கீழே ஒவ்வொரு செல்லாகப் போகும். v என்பது இப்போது பார்க்கும் செல், a என்பது இதற்கு முந்தைய படியின் விடை. v காலி என்றால் a-வையே வைத்துக்கொள், இல்லாவிட்டால் v-ஐ எடு என்கிறது ஃபார்முலா. முதலில் உள்ள `""` தொடக்க மதிப்பு. அதனால் A2 காலியாக இருந்தாலும் தலைப்பு கீழே இறங்காது. சங்கிலியைப் போலவே ஒரு வரிசைக்கு ஒரு சோதனைதான், அதே சமயம் நடுவில் வரிசை செருகினாலும் சங்கிலி அறுபடாது. இரண்டின் நல்ல குணமும் இதில் சேர்ந்திருப்பதால், வாய்ப்பு இருக்கும் இடத்தில் நான் இதைத்தான் போடுவேன். D3 முதல் D13 வரை வேறு எதுவும் இருக்கக் கூடாது. விடை வழிந்து இறங்க இடம் வேண்டும்.

எக்செல்லில் SCAN மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2024 இரண்டிலும் உண்டு. உங்கள் 2016-இல் இல்லை. ஷீட்ஸில் SCAN போட்ட கோப்பைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால், D-யை மதிப்பாக ஒட்டிவிட்டு எடுத்துப் போங்கள்.

அடுத்த மாதம் பொருட்கள் கூடலாம் என்று A2:A500 வரை கொடுத்தால், 13-க்குப் பிறகு 500 வரை "சோப்பு" என்று நிரம்பி நிற்கும். மேலே கடைசியாக இருந்தது அதுதானே! பொருள் இல்லாத வரிசையில் வகையும் வேண்டாம் என்று B-ஐ வைத்துத் தடுக்க வேண்டும்:

```
=ARRAYFORMULA(IF(B2:B500="","",SCAN("",A2:A500,LAMBDA(a,v,IF(v="",a,v)))))
```

இந்தத் தடுப்பை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மேலே SCAN தன் வேலையை முழுவதும் முடித்த பிறகுதான் வெளியில் உள்ள IF காலி வரிசைகளை மறைக்கிறது. அதே யோசனையைச் சங்கிலி ஃபார்முலாவில் `=IF(B2="","",IF(A2="",D1,A2))` என்று எழுதினால் ஆபத்து. அழகுக்காக மசாலாவின் நடுவே ஒரு வெற்று வரிசை விட்டிருந்தால், அங்கே D வெறுமையாகும். அதற்குக் கீழே உள்ள வரிசை மேலே கேட்கும், வெறுமைதான் கிடைக்கும். மசாலாவின் மீதிப் பொருட்கள் எல்லாம் வகை இல்லாமல் போய்விடும். 2016-இல் இந்தத் தடுப்பு தேவைப்பட்டால் LOOKUP-ஐச் சுற்றிப் போடுங்கள். அது D-யைக் கேட்பதே இல்லை என்பதால் நடுவில் வெற்று வரிசை வந்தாலும் பாதிக்காது.

இதுவரை சொன்ன எல்லாமே, காலியாகத் தெரியும் செல் உண்மையிலேயே காலி என்று நம்பிச் சொன்னவை. மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் அது பல சமயம் பொய். அந்தச் செல்லில் ஒரு இடைவெளி எழுத்து இருக்கலாம். இணையப் பக்கத்திலிருந்து வந்ததென்றால் சாதாரண இடைவெளியைப் போலவே தோன்றும், எண் 160 கொண்ட இன்னொரு எழுத்து இருக்கலாம். ஃபார்முலா அதை ஒரு வகைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியையே விசுவாசமாக D-இல் எழுதி வைக்கும். "ஃபார்முலா போட்டேன், ஆனால் காலி காலியாகவே இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி:

```
=COUNTA(A2:A13)
```

இது எழுத்து உள்ள செல்களை எண்ணும். நம் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் வகைப் பெயர்கள் நான்கு. விடையும் 4 என்று வர வேண்டும். 12 என்று வந்தால், காலியாகத் தெரியும் எட்டுச் செல்களிலும் ஏதோ ஒளிந்திருக்கிறது. A3-இல் என்ன இருக்கிறது என்று அறிய `=LEN(A3)` போடுங்கள். 1 என்று வந்தால் ஒரு எழுத்து இருக்கிறது. எந்த எழுத்து என்று `=UNICODE(A3)` சொல்லும். 32 என்றால் சாதாரண இடைவெளி, 160 என்றால் அந்த இன்னொன்று.

TRIM சாதாரண இடைவெளியை நீக்கும், 160-ஐத் தொடாது. அதனால் 160-ஐ முதலில் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு TRIM செய்ய வேண்டும். E நெடுவரிசையில் ஒரு சுத்தமான நகல் எடுத்துக்கொள்ளுங்கள்:

```
=TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))
```

பிறகு D-இல் உள்ள ஃபார்முலாவில் A-க்குப் பதில் E என்று மாற்றினால் போதும். எல்லாவற்றையும் ஒரே ஃபார்முலாவுக்குள் திணிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பு வரும்போது எந்த அடுக்கில் வந்தது என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும். இந்த E நெடுவரிசையால் ஒரு கூடுதல் லாபமும் உண்டு: "எண்ணெய்" என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியும் போய்விடும். அது இருந்தால் SUMIFS அந்த வகையையே தெரியாது என்று 0 காட்டும்.

வகைப் பெயர் பல வரிசைகளை இணைத்த பெரிய செல்லில் நடுவாக எழுதப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். இணைந்த செல்லில் மேல் செல்லுக்குத்தான் பெயர் சொந்தம், மற்றவை உள்ளே காலிதான். D-இல் போடும் எந்த ஃபார்முலாவும் அப்படியே வேலை செய்யும்.

தனி நெடுவரிசை வேண்டாம், A-இலேயே நிரப்ப வேண்டும் என்பவர்கள் எக்செல்லில் இப்படிச் செய்யலாம். இணைந்த செல்கள் இருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள். A2:A13-ஐத் தேர்ந்தெடுத்து F5, Special, Blanks, OK. காலி செல்கள் மட்டும் தேர்வாகும். எதையும் சொடுக்காமல் `=` தட்டி, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, Ctrl+Enter. ஒவ்வொரு காலி செல்லிலும் தனக்கு மேலே உள்ளதைச் சுட்டும் ஃபார்முலா விழும். உடனே A நெடுவரிசை முழுவதையும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள். "No cells were found." என்று வந்தால் மேலே சொன்ன பொய்க் காலிதான் காரணம். பெயருக்குப் பதில் `=A2` என்ற எழுத்தே தெரிந்தால், அந்த நெடுவரிசை Text வடிவத்தில் இருக்கிறது. முதலில் Ctrl+Z அழுத்தி அந்த எழுத்தை நீக்கி, General-க்கு மாற்றிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். ஷீட்ஸில் இந்த வழி இல்லை. மூலப் பட்டியலைத் தொட்டுவிடுவதால் எனக்கு இது இரண்டாம் தேர்வுதான்.

பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு வகையின் முடிவிலும் "மொத்தம்" என்று ஒரு வரிசை போடுகிறதா என்றும் பாருங்கள். B-இல் "மொத்தம்" என்று இருந்து A காலியாக இருந்தால், அந்த வரிசைக்கும் வகை நிரம்பிவிடும். பருப்பு 9000-க்குப் பதில் 18000 என்று இரட்டிப்பாகும். நிரப்பும் ஃபார்முலாவில் கைவைக்காமல், கூட்டும் இடத்தில் தடுப்பதே சுத்தம். மொத்த வரிசைகள் சேர்ந்து பட்டியல் 17-ஆவது வரிசை வரை நீண்டிருக்கும் என்றால்:

```
=SUMIFS(C$2:C$17,D$2:D$17,"பருப்பு",B$2:B$17,"<>*மொத்தம்*")
```

நட்சத்திரக் குறிகள் இருப்பதால் "பருப்பு மொத்தம்" என்று எழுதியிருந்தாலும் விலக்கப்படும்.

வரிசைப்படுத்துவதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. D-இல் ஃபார்முலா இருக்கும்போது பட்டியலை வரிசைப்படுத்தாதீர்கள். இங்கே காலி என்பதற்கு அர்த்தமே "மேலே உள்ளது" என்பதுதான். மேலே கீழே மாறினால் அந்த அர்த்தம் போய்விடும். A நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தினால் எக்செல் காலி செல்களை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடும். எட்டுப் பொருட்களும் சேர்ந்து கடைசி வகையின் கீழ் போய் விழும். சேமித்து மூடிவிட்டால் எந்த ஃபார்முலாவாலும் பழையதை மீட்க முடியாது. அதனால் பட்டியல் வந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன், ஒரு நெடுவரிசையில் 1, 2, 3 என்று வரிசை எண்ணை எண்ணாகவே போட்டு வையுங்கள். பிறகு எவ்வளவு கலைத்தாலும் அந்த எண்ணை வைத்து மூல வரிசைக்குத் திரும்பலாம்.

கடைசியாக ஒன்று. மென்பொருளில் வகையே கொடுக்காமல் விட்ட பொருளும் இந்தப் பட்டியலில் காலியாகத்தான் வரும். புதிதாக வாங்கிய ஊதுபத்திக்கு யாரும் வகை கொடுக்கவில்லை என்றால், அது சோப்புக்குக் கீழே வந்து சோப்பு ஆகிவிடும். இரண்டு காலியும் எக்செல்லுக்கு ஒன்றுதான், ஃபார்முலாவால் பிரிக்க முடியாது. நிரப்பி முடித்ததும் D-இல் வடிகட்டி போட்டு, ஒவ்வொரு வகையாக எடுத்து B-இல் உள்ள பெயர்களை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள். அப்படி ஏதாவது சிக்கினால், D-இல் திருத்துவதைவிட பில்லிங் மென்பொருளிலேயே அந்தப் பொருளுக்கு வகை கொடுத்துவிட்டுப் பட்டியலை மறுபடி எடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் ஊதுபத்தி சோப்பாகத்தான் வரும்.